மிக்ஸி பழுது, கூப்பன் கழிவு: ரீஃபண்ட் கடிதத்தில் எழுத வேண்டிய தொகை

ஆன்லைனில் வாங்கிய பொருள் பழுதாக இருந்தால் விற்பனையாளருக்கு எழுதும் கடிதம் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வாங்கியது என்ன, அதில் உள்ள பழுது என்ன, திரும்பி வர வேண்டிய பணம் எவ்வளவு? முதல் இரண்டையும் பெரும்பாலோர் நன்றாகவே எழுதிவிடுகிறார்கள். மூன்றாவதில்தான் தடுமாறுகிறார்கள். "என் பணத்தை முழுவதும் திருப்பித் தரவும்" என்று மட்டும் எழுதிவிட்டால், அந்த "முழுவதும்" எத்தனை ரூபாய் என்பதைக் கணக்கிடும் வேலை விற்பனையாளர் கைக்குப் போய்விடுகிறது. கூப்பன் போட்டு வாங்கிய பொருளாக இருந்தால் அந்தக் கணக்கு வாங்கியவருக்குப் பாதகமாக முடிய நல்ல வாய்ப்பு உண்டு.

நடைமுறையில் அடிக்கடி வரும் ஒரு கணக்கை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். ஒரு குடும்பம் ஒரே ஆர்டரில் இரண்டு பொருள்கள் வாங்குகிறது. மிக்ஸி ரூ.3,600, எவர்சில்வர் டிபன் கேரியர் ரூ.1,200, இரண்டும் சேர்ந்து ரூ.4,800. ரூ.4,500க்கு மேல் வாங்கினால் ரூ.400 கழிவு தரும் `SAVE400` என்ற கூப்பனைப் போட்டதும் தொகை ரூ.4,400 ஆகிறது. டெலிவரி கட்டணம் ரூ.80 சேர்ந்து, செலுத்த வேண்டியது ரூ.4,480. அதில் ரூ.500ஐ உறவினர் பரிசாகத் தந்த கிஃப்ட் கார்டிலிருந்தும், மீதி ரூ.3,980ஐ யு.பி.ஐ. வழியாகவும் கட்டுகிறார்கள். மார்ச் 2 அன்று போட்ட ஆர்டர் மார்ச் 6 அன்று வந்து சேர்கிறது. டிபன் கேரியரில் குறை ஒன்றும் இல்லை. மிக்ஸி ஓடத் தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடுகிறது.

மிக்ஸிக்கு மட்டும் பணம் கேட்க வேண்டும். எவ்வளவு கேட்பது?

திரையில் தெரியும் விலை ரூ.3,600. கேட்பவர் இதையே எழுதினால் தவறு. அந்தத் தொகையை அவர் செலுத்தவில்லை, கூப்பன் அதில் ஒரு பகுதியைக் குறைத்திருக்கிறது. பெட்டியின் மேல் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையை எழுதுவது இன்னும் பெரிய தவறு. கட்டாத பணத்தைக் கேட்ட கடிதத்தில் அந்த ஒரு பிழையைச் சுட்டிக்காட்டியே மற்றதையும் தள்ளிப்போட விற்பனையாளருக்கு வழி கிடைக்கும்.

விற்பனையாளர் பக்கத்தில் நேர் எதிரான தவறு நடக்கும். "மிக்ஸியைத் திருப்பிவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது ரூ.1,200 பொருள். கூப்பனுக்கு ரூ.4,500 வாங்கியிருக்க வேண்டும். எனவே கூப்பன் செல்லாது" என்று சொல்லி, ரூ.400 முழுவதையும் மிக்ஸி விலையிலிருந்து கழித்து ரூ.3,200 அனுப்புவார்கள். பல நிறுவனங்களில் இதைக் கணினியே செய்துவிடுகிறது, தனியாக ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. அதனாலேயே கணக்கைக் கடிதத்தில் விரித்து எழுத வேண்டியிருக்கிறது. மனிதர் ஒருவர் அதைப் படித்தால்தான் அந்த முடிவு மாறும்.

சரியான கணக்கு விகிதாச்சாரப்படி வருவது. ரூ.4,800 பொருளில் மிக்ஸி ரூ.3,600, அதாவது நான்கில் மூன்று பங்கு. எனவே ரூ.400 கூப்பனில் மிக்ஸியைச் சேர்ந்தது ரூ.300, டிபன் கேரியரைச் சேர்ந்தது ரூ.100. மிக்ஸிக்காக உண்மையில் கொடுத்த விலை ரூ.3,600இல் ரூ.300 போக ரூ.3,300.

இந்தப் பங்கீடு வாங்குபவர் தன் வசதிக்குக் கண்டுபிடித்தது அல்ல. விற்பனையாளர் அனுப்பும் ஜி.எஸ்.டி. பில்லிலேயே அது பெரும்பாலும் இருக்கும். ஒரே ஆர்டரில் இரண்டு பொருள் வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் தனி வரி போட்டிருப்பார்கள். அந்த வரியில் விலை, கழிவு, வரிக்கு உட்பட்ட மதிப்பு, வரி, மொத்தம் என்று கட்டங்கள் இருக்கும். விற்கும் நேரத்திலேயே தந்து பில்லில் காட்டிய கழிவுக்கு ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியதில்லை. அதனால் கழிவைத் தானே ஏற்கும் விற்பனையாளர் அதைப் பொருள்வாரியாகப் பிரித்துக் காட்டுவார். மிக்ஸியின் வரியில் கழிவு ரூ.300, வரிக்கு உட்பட்ட மதிப்பு ரூ.2,796.61, 18 சதவீத வரி ரூ.503.39, மொத்தம் ரூ.3,300 என்று இருந்தால் வாதத்துக்கு இடமே இல்லை. மிக்ஸியை ரூ.3,300க்கு விற்றதாக வரித்துறைக்குக் கணக்குக் காட்டியவர், திருப்பித் தரும்போது மட்டும் அதை ரூ.3,200 என்று சொல்ல முடியாது. கடிதத்தோடு இணைக்க வேண்டிய தாள்களில் முதலிடம் இந்தப் பில்லுக்குத்தான்.

அதே கட்டங்களைத் தவறாகப் படிப்பதும் நடக்கிறது. வரி ரூ.503.39 தனியாகத் தெரிவதால், விலை ரூ.3,300, வரி ரூ.503.39 என்று இரண்டையும் கூட்டிக் கேட்பவர்கள் உண்டு. ரூ.3,300க்குள்ளேயே வரி அடங்கியிருக்கிறது. 2,796.61உம் 503.39உம் சேர்ந்துதான் 3,300.

பில்லில் கழிவே தெரியாத நேரமும் உண்டு. கூப்பனை விற்பனையாளர் தராமல், பொருள்களைப் பட்டியலிட்டுக் காட்டும் தளமே தன் கையிலிருந்து தந்திருந்தால், விற்பனையாளருக்கு ரூ.3,600 முழுவதும் போய்ச் சேரும். ரூ.300ஐத் தளம் ஈடுகட்டும். அப்போது விற்பனையாளரின் பில் ரூ.3,600 என்றே காட்டலாம். அதைப் பார்த்து ரூ.3,600 கேட்கக் கூடாது. வாங்கியவர் கையிலிருந்து போனது ரூ.3,300தான். இப்படிப்பட்ட நிலையில் பில்லோடு, ஆர்டர் விவரப் பக்கத்தில் கூப்பன் கழிவு தெரியும் பகுதியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைக்க வேண்டும். செலுத்திய தொகை பில் தொகையிலிருந்து ஏன் மாறுகிறது என்பதற்கு அதுதான் விளக்கம்.

"ரூ.4,500க்குக் கீழே போனால் கூப்பன் செல்லாது" என்ற நிபந்தனைக்கு என்ன பதில்? வாங்கியவர் மனம் மாறித் திருப்பினால் அந்த நிபந்தனைக்கு ஒரு நியாயம் இருக்கலாம். கூப்பனுக்காகவே தொகையை ஏற்றிக் காட்டிவிட்டுப் பிறகு ஒன்றைத் திருப்பிவிடுவதைத் தடுக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். பழுதான பொருளில் நிலைமை வேறு. வாங்கியவர் தன் பங்கை முழுதாகச் செய்திருக்கிறார், ரூ.4,800க்கு வாங்கி, கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டார். ஆர்டர் குறைந்தது விற்பனையாளர் அனுப்பிய பொருளின் பழுதால். அந்தப் பழுதின் செலவை, நல்லபடியாக வந்த டிபன் கேரியரின் கழிவிலிருந்து வசூலிப்பது நியாயமாகாது. கடிதத்தில் இதை ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும்.

கூப்பனைப் பணமாகக் கேட்கக் கூடாது என்பதும் இதே தர்க்கத்திலிருந்து வருவது. ரூ.3,300ஐயும் வாங்கிக்கொண்டு, பயன்படாமல் போன ரூ.300 கழிவையும் ரொக்கமாகக் கேட்டால் அது கொடுக்காத பணம். வேண்டுமானால் கூப்பனைப் புதுப்பித்துத் தருமாறு தனியாகக் கேட்டுப் பார்க்கலாம். அதை வர வேண்டிய தொகையோடு கூட்டக் கூடாது.

கிஃப்ட் கார்டு கூப்பன் அல்ல. இரண்டையும் ஒரே பெட்டியில் தட்டச்சு செய்வதால் பலர் குழம்புகிறார்கள். கூப்பன் விலையைக் குறைக்கிறது. கிஃப்ட் கார்டு விலையைச் செலுத்துகிறது. யாரோ ஒருவர் ரூ.500 ரொக்கம் கொடுத்து வாங்கிய கார்டு அது. எனவே அந்த ரூ.500 செலுத்திய தொகையில் சேரும், கழிவில் சேராது. வாலெட்டில் இருந்த இருப்பும், முன்பு திருப்பி வந்து கணக்கில் நின்ற பணமும் இப்படியே. தளம் இலவசமாகத் தந்த புள்ளிகள் மட்டும் வேறு வகை. அவற்றைப் புள்ளிகளாகவே திரும்பக் கேட்கலாம், ரூபாயாகக் கேட்டால் பெரும்பாலும் நிற்காது.

அடுத்தது டெலிவரி கட்டணம் ரூ.80. "அனுப்பும் செலவு திருப்பித் தரப்படாது" என்று பல விற்பனையாளர்கள் விதி எழுதி வைத்திருக்கிறார்கள். பழுதான பொருளைக் கொண்டுவந்து போட்டதற்கு வாங்கியவர் ஏன் கூலி தர வேண்டும் என்பது எதிர்க்கேள்வி, அதுவே வலுவான கேள்வி. ஆனால் டிபன் கேரியர் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே ரூ.80 முழுவதையும் கேட்பதைவிட அதே நான்கில் மூன்று பங்கான ரூ.60ஐக் கேட்பது பொருத்தம். ஒரே அளவுகோலைக் கழிவுக்கும் கட்டணத்துக்கும் பயன்படுத்தும் கடிதத்தில் குறை காண்பது கடினம். விலை ரூ.3,300, டெலிவரி ரூ.60, ஆக வர வேண்டியது ரூ.3,360.

பணம் எந்த வழியில் போனதோ அந்த வழியில் திரும்புவதுதான் வழக்கம். ரூ.4,480இல் ரூ.500 கிஃப்ட் கார்டு, ரூ.3,980 யு.பி.ஐ. இரண்டிலும் நான்கில் மூன்று பங்கு எடுத்தால் கிஃப்ட் கார்டுக்கு ரூ.375, வங்கிக் கணக்குக்கு ரூ.2,985. இரண்டும் சேர்ந்து ரூ.3,360 வருகிறதா என்று கூட்டிப் பார்ப்பது கணக்கைச் சரிபார்க்கும் எளிய வழி. இந்தப் பிரிவை எழுதாவிட்டால் மொத்தத் தொகையும் தளத்தின் வாலெட்டில் வந்து உட்கார்ந்துவிடக்கூடும். பிறகு அதே கடையில்தான் செலவு செய்ய முடியும்.

கணக்குக்கு அடுத்தபடியாகக் கவனம் வேண்டியது பழுதை எழுதும் விதம். "மிக்ஸி சரியில்லை" என்றோ "வேலை செய்யவில்லை" என்றோ எழுதினால், அதற்கு ஆயத்தமாக ஒரு பதில் காத்திருக்கிறது. மிக்ஸியின் அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்தால் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், பெரும்பாலும் சிவப்பு நிறம். மோட்டாருக்குச் சுமை அதிகமானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஏற்பாடு அது. தேங்காயையும் பருப்பையும் ஜார் நிறையப் போட்டு, தண்ணீர் விடாமல் அரைத்தால் நல்ல மிக்ஸியும் நின்றுவிடும். சிறிது நேரம் ஆறவிட்டு அந்தப் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடும். எனவே "நின்றுவிடுகிறது" என்று மட்டும் எழுதியவருக்கு, "சுமை அதிகம் போட்டிருக்கிறீர்கள், அடியில் உள்ள பொத்தானை அழுத்துங்கள், பொருளில் குறை இல்லை" என்று பதில் வரும். புகாரும் அங்கேயே முடித்துவைக்கப்படும்.

இதைத் தவிர்க்க, அந்தப் பதிலுக்கு இடம் தராத ஒரு சோதனையை முதலில் செய்துவிட வேண்டும். ஜாரைக் காலியாக வைத்து, முதல் வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். காலி ஜாரில் சுமை என்ற பேச்சே இல்லை. அப்படியும் 40 விநாடியில் நின்றால், பத்து நிமிடம் ஆறவிட்டு, பொத்தானை அழுத்தி, மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். மூன்று முறை இப்படியே நடந்தால் பழுது உள்ளே இருக்கிறது என்பது உறுதி. சோதனையின்போது கருகிய வாடையோ புகையோ வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வந்ததை மட்டும் எழுதினால் போதும், மறுபடி ஓட்டிப் பார்க்கக் கூடாது. இந்தச் சோதனையைச் செல்போனில் வெட்டாமல் ஒரே காட்சியாக எடுக்கும்போது, மிக்ஸியின் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணிலிருந்து தொடங்கினால், படத்தில் உள்ள மிக்ஸியும் அனுப்பிய மிக்ஸியும் ஒன்றுதான் என்பதும் பதிவாகிவிடும். மிக்ஸி திரும்பிப் போன பிறகு "வேறு பொருளை அனுப்பியிருக்கிறீர்கள்" என்று சொல்லி ரீஃபண்டை மறுக்கும் நேரங்களில் அந்த வரிசை எண்தான் கைகொடுக்கும்.

பழுதுக்குக் காரணம் இன்னது என்று ஊகித்து எழுத வேண்டியதில்லை. "மோட்டாரில் செம்புக்குப் பதில் அலுமினியம் சுற்றியிருக்கிறார்கள்" என்று எழுதினால் அதை நிரூபிக்கும் சுமை எழுதியவர் தலையில் விழும். கண்ட அறிகுறிகளே போதும்.

கடிதம் யாருக்கு? ஆர்டர் போட்டது ஒரு தளத்தில், பொருளை விற்றது அதில் கடை வைத்திருக்கும் வேறொரு நிறுவனமாக இருக்கும். பில்லின் மேல் மூலையில் அந்த விற்பனையாளரின் பெயரும் முகவரியும் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்கும். கடிதத்தை அந்த விற்பனையாளருக்கு எழுதி, தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் அதே மின்னஞ்சலில் நகல் அனுப்ப வேண்டும். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் குறைதீர் அலுவலரை நியமிக்கச் சொல்கின்றன. அவருடைய பெயர், பதவி, தொடர்பு விவரம் தளத்தில் தெளிவாகக் காட்டப்பட வேண்டும். முகப்புப் பக்கத்தின் அடிப்பகுதியில் சிறிய எழுத்தில் இருக்கும் இணைப்புகளில் அது கிடைக்கும். வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடி எடுப்பது ஆபத்து. போலி எண்களைப் பரப்பிவைத்து, ரீஃபண்ட் தருவதாகச் சொல்லி யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பணம் பெறுவதற்கு அந்த எண்ணைப் போட வேண்டிய தேவையே இல்லை.

செயலியில் உள்ள "திருப்பி அனுப்பு" பொத்தானை அழுத்திப் பதிவு செய்வதும் அரட்டைப் பெட்டியில் பேசுவதும் கடிதத்துக்கு முந்தைய படிகள். திருப்பி அனுப்பக் கொடுத்த கெடு ஏழு நாள் என்றால், அந்தக் கெடுவுக்குள் பொத்தானை அழுத்திப் பதிவு எண் வாங்கிவிட வேண்டும். அரட்டையில் கிடைத்த பதில் சில நாளில் திரையிலிருந்து மறைந்துவிடலாம் என்பதால் அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைப்பது நல்லது. அங்கே தீராததைத்தான் கடிதம் எடுத்துக்கொள்கிறது.

மேலே சொன்ன கணக்குக்கான கடிதம் இப்படி அமையும்:

பொருள்: ஆர்டர் எண் (…) – பழுதான மிக்ஸிக்கு ரூ.3,360 திருப்பித் தரக் கோருதல்

ஐயா/அம்மா,

மேற்கண்ட ஆர்டரில் மார்ச் 2 அன்று ஒரு மிக்ஸியும் (ரூ.3,600) ஒரு டிபன் கேரியரும் (ரூ.1,200) வாங்கினேன். இரண்டும் மார்ச் 6 அன்று வந்து சேர்ந்தன. மிக்ஸியின் வரிசை எண் (…).

காலி ஜாரை வைத்து முதல் வேகத்தில் ஓட்டினாலும் மிக்ஸி 40 விநாடியில் நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் ஆறவிட்டு, அடியில் உள்ள பொத்தானை அழுத்திய பிறகும் அப்படியே நடக்கிறது. மார்ச் 7 அன்று மூன்று முறை சோதித்தேன். வீடியோ இணைத்துள்ளேன். அன்றே செயலியில் புகார் பதிந்தேன் (பதிவு எண் …). மார்ச் 9 அன்று "மாற்றுப் பொருள் மட்டுமே தர முடியும், அதுவும் இருப்பில் இல்லை" என்று பதில் வந்தது.

கணக்கு: இரண்டு பொருள்களின் விலை ரூ.4,800. கூப்பன் SAVE400 கழிவு ரூ.400. டெலிவரி ரூ.80. நான் செலுத்தியது ரூ.4,480 (கிஃப்ட் கார்டு ரூ.500, யு.பி.ஐ. ரூ.3,980). மிக்ஸியின் விலை ரூ.3,600இல் அதன் பங்குக் கூப்பன் கழிவு ரூ.300 போக ரூ.3,300. இது உங்கள் பில்லில் உள்ள தொகையே. டெலிவரியில் மிக்ஸியின் பங்கு ரூ.60. எனக்கு வர வேண்டியது ரூ.3,360.

மிக்ஸியைத் திருப்ப நேர்ந்தது பொருளின் பழுதால். எனவே கூப்பனின் குறைந்தபட்சத் தொகை நிபந்தனையைக் காட்டி டிபன் கேரியருக்குரிய ரூ.100 கழிவைப் பிடித்தம் செய்ய வேண்டாம்.

ரூ.375ஐக் கிஃப்ட் கார்டிலும் ரூ.2,985ஐப் பணம் செலுத்திய யு.பி.ஐ. கணக்கிலும் மார்ச் 25க்குள் சேர்க்கவும். மிக்ஸி அதன் பெட்டியோடும் எல்லா ஜார்களோடும் தயாராக இருக்கிறது, உங்கள் செலவில் எடுத்துச் செல்ல ஆளை அனுப்பவும்.

இணைப்பு: பில், ஆர்டர் விவரப் பக்கம், பணம் செலுத்திய ரசீது, வீடியோ, மார்ச் 9 அரட்டைப் பதிவு.

இதில் கோபமோ ஏமாற்றமோ எழுதப்படவில்லை. அவை நியாயமானவைதான், ஆனால் படிப்பவர் தேடும் எண்கள் அவற்றுக்கு நடுவில் மறைந்துவிடும். தொகை பொருள் வரியிலேயே வந்துவிடுகிறது. நாளொன்றுக்கு நூறு புகார் பார்க்கும் அலுவலர் மின்னஞ்சலைத் திறக்கும் முன்பே அது கண்ணில் படும். "உடனடியாக" என்று எழுதாமல் தேதி போட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. தேதி தாண்டியதா இல்லையா என்பதை யாரும் பார்த்துச் சொல்லலாம், "உடனடி" எப்போது தாண்டியது என்று சொல்ல முடியாது. கடிதத்தைத் தமிழில் எழுதுவதற்குத் தடை ஒன்றும் இல்லை. விற்பனையாளர் வெளிமாநிலத்தில் இருந்தால் அதே கணக்கை ஆங்கிலத்திலும் சேர்த்து அனுப்புவது வேலையை விரைவாக்கும்.

இந்தக் கடிதத்தில் சட்டப் பிரிவு எதுவும் இல்லை. முதல் கடிதத்துக்கு அது தேவையும் இல்லை. மறுப்பு வந்தால் இரண்டாவது கடிதத்தில் இரண்டு விஷயங்களைக் குறிப்பிடலாம். மின்வணிக விதிகளின் 6ஆம் விதி, பொருள் பழுதாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமலோ இருந்தால் அதைத் திரும்ப எடுக்கவோ செலுத்திய பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கிறது. "மாற்றுப் பொருள் மட்டுமே" என்று தளத்தில் எழுதிவைத்த கொள்கை இதற்கு மேற்பட்டது அல்ல. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, பழுதான பொருளுக்கான பணத்தைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் காலம் சொல்லப்படாவிட்டால் முப்பது நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

கடிதம் போன பிறகு குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும் என்பது விதி. ஒப்புதலில் ஒரு புகார் எண் இருக்கும். பிறகு எழுதும் ஒவ்வொரு மின்னஞ்சலையும் அதே சங்கிலியில், அந்த எண்ணோடு அனுப்புவது நல்லது. புதிய மின்னஞ்சலாக அனுப்பினால் அதைப் புதுப் புகாராகப் பதிந்து, முதலிலிருந்து கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்.

மிக்ஸியை எடுத்துப்போக ஆள் வரும்போதும் கவனம் வேண்டும். பெட்டியை மூடும் முன்பு வரிசை எண்ணும் ஜார்களின் எண்ணிக்கையும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துச் சென்றதற்கான குறுஞ்செய்தியோ சீட்டோ வராமல் பொருளைக் கொடுக்கக் கூடாது. பொருள் போய்விட்டது, போனதற்குச் சான்று இல்லை என்ற நிலையில் எழுதும் கடிதங்கள் மிக நீண்ட காலம் இழுபடுகின்றன.

பணம் வந்ததும் தொகையைச் சரிபார்க்க வேண்டும். "ரீஃபண்ட் முடிந்தது" என்ற செய்தி வந்தாலும் வங்கிக் கணக்கில் பணம் ஏறியிருந்தால்தான் வந்ததாகக் கொள்ள முடியும். ஏறவில்லையென்றால் அந்தப் பரிவர்த்தனையின் வங்கிக் குறிப்பு எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த எண்ணைக் கொண்டு பணம் எங்கே நிற்கிறது என்று வங்கியில் விசாரிக்கலாம். ரூ.3,200 மட்டும் வந்திருந்தால், கோரியதற்கும் வந்ததற்கும் வித்தியாசம் ரூ.160. அடுத்த கடிதம் இந்த ரூ.160ஐப் பற்றி மட்டுமே பேச வேண்டும்: ரூ.100 டிபன் கேரியருக்குரிய கூப்பன் கழிவைப் பிடித்தது, ரூ.60 டெலிவரியில் தராமல் விட்டது. மிக்ஸி எப்படி நின்றது என்ற கதையை மறுபடி எழுத வேண்டியதில்லை. பழுதை ஒப்புக்கொண்டுதான் ரூ.3,200 அனுப்பியிருக்கிறார்கள். வந்த தொகையைப் "பகுதித் தொகையாகப் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், அதை வாங்கிக்கொண்டதால் மீதியைக் கைவிட்டதாகச் சொல்ல முடியாது.

மார்ச் 25 தாண்டியும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். அங்கே கட்டணம் இல்லை, புகார் எண் தருவார்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்பவர்கள் அல்ல. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருபவர்கள். அப்படியும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே மனு போடலாம். செலுத்திய விலை ரூ.5 லட்சம் வரை உள்ள பொருள்களுக்கு மனுக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மனுவில் ரூ.3,360 கோரிக்கையோடு, அலைந்த செலவுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீட்டைத் தனி வரியாகக் கேட்கலாம். அந்தத் தொகையை ரூ.3,360உடன் கலந்து ஒரே எண்ணாக எழுதக் கூடாது. பில், ஆர்டர் பக்கம், ரசீது, வீடியோ, அரட்டைப் பதிவு ஆகியவற்றோடு, மார்ச் 10 அன்று அனுப்பிய கடிதமும் அதற்கு வந்த பதில்களும் தேதி வரிசைப்படி மனுவுக்குப் பின்னால் வரும்.